தாம்பரம் ‘தரம்பரம்’ ஆனால் எத்தனை பிழை?

தமிழ் விக்கிமூலத்தில் தேடிப் படிக்கக் கிடைக்கும் நாட்டுடைமை நூல்கள் பலவும் முதலில் வெறும் படங்களாகத்தான் வந்து சேர்ந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய அந்த நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அத்தனையையும் உட்கார்ந்து தட்டச்சிட ஆள் ஏது? த. சீனிவாசன் எழுதிய `OCR4wikisource` என்ற நிரல் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கூகுள் டிரைவின் எழுத்துணரிக்கு அனுப்பி, திரும்பி வந்த உரையை விக்கிமூலத்தில் ஏற்றியது. மெய்ப்புத் திருத்தும் வேலை தன்னார்வலர்களுக்கு வந்தது.

கூகுளுக்கு மாற்றாக டெசராக்ட் இருக்கிறது. ஹெச்.பி. நிறுவனத்தில் பிறந்து 2005இல் கட்டற்ற மென்பொருளான இது, 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டு எழுத்தை அறிகிறது. இணைய இணைப்பு இல்லாமலே வீட்டுக் கணினியில் ஓடும்:

```
tesseract pakkam.png vidai -l tam
```

இரண்டில் எது மேல்? பக்கத்தைப் புரட்டிப் பார்த்து ‘இது பரவாயில்லை’ என்று சொன்னால் போதாது. சில பக்கங்களை ஒருவர் படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சிட வேண்டும். அந்த உரைதான் அளவுகோல். இயந்திரம் தந்த உரையை அதன் அருகே வைத்து, ஒன்றை மற்றொன்றாக்க மிகக் குறைந்தது எத்தனை எழுத்தை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்று எண்ணுவார்கள். 1965இல் சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் வகுத்த கணக்கு இது. அந்த எண்ணிக்கையை அளவுகோல் உரையின் நீளத்தால் வகுத்தால் எழுத்துப் பிழை விகிதம் கிடைக்கும்.

தமிழில் சிக்கல் ‘எழுத்து’ எது என்பதிலேயே தொடங்குகிறது. ரயில் நிலையப் பலகையில் இருக்கும் ‘தாம்பரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மங்கிய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிவதால் எழுத்துணரி அதைத் ‘தரம்பரம்’ என்று படித்துவிடுகிறது. யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘தாம்பரம்’ 8 குறியீடு நீளம். அதில் ஒன்று தவறு, ஆகவே பிழை 12.5 விழுக்காடு. பள்ளிக்கூடக் கணக்கில் அது தா, ம், ப, ர, ம் என 5 எழுத்து. ‘தா’ ‘த’ ஆனது ஒரு பிழை, ‘ர’ புதிதாக நுழைந்தது இன்னொரு பிழை. விகிதம் 40 விழுக்காடு. இரண்டு கணக்கும் சரியே. ஆனால் ஓர் எழுத்துணரியை ஒரு கணக்கிலும் அடுத்ததை மற்றதிலும் அளந்துவிட்டு ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு செல்லாது.

கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. ‘குரோம்பேட்டை’யில் வரும் ‘ரோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினியோ 12 குறியீட்டில் 2 பிழை என்று கணக்குக் காட்டும். எண்ணும் முன் இரு உரைகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் இது தீரும்:

```
import unicodedata
urai = unicodedata.normalize("NFC", urai)
```

இந்த வரி எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ‘சௌந்தரம்’ என்பதைப் பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டுகிறார்கள். அப்படி இருந்தால் அளவுகோல் உரையே தவறு. சரியாகப் படித்த எழுத்துணரிதான் தண்டனை வாங்கும். அதனால் தட்டச்சிட்டதை இன்னொருவர் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவசியம். மூலநூலில் உள்ள அச்சுப்பிழையை மட்டும் திருத்தாமல் அப்படியே விட வேண்டும். இங்கே சோதிக்கப்படுவது எழுத்துணரியே, நூலாசிரியர் அல்லர்.

விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்து முடித்த பக்கங்கள் தயாராகத்தானே இருக்கின்றன, அவற்றையே அளவுகோலாக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. அந்தப் பக்கங்கள் கூகுள் தந்த உரையைத் திருத்தி உருவானவை. திருத்தியவர் கண்ணுக்குத் தப்பிய பிழை கூகுளுக்குச் சரியான விடையாகவும் டெசராக்டுக்குத் தவறாகவும் எண்ணப்படும். இயந்திர உரையைப் பார்க்காமல் வெற்றுத்தாளிலிருந்து தட்டச்சிட்ட பத்துப் பக்கம், இவ்விதத்தில் திருத்திய நூறு பக்கத்தைவிட நம்பத்தக்கது.

எந்தப் பக்கங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதும் முடிவை மாற்றும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டது. அதற்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை வைத்தும், ணா, றா, னா ஆகியவை சுழித்த கூட்டெழுத்தாகவும் அச்சாகியிருக்கும். புதிய எழுத்துருக்களை மட்டும் பார்த்துப் பழகிய எழுத்துணரி இவற்றில் தடுமாறும். ‘லை’ வரும் இடமெல்லாம் அது ஒரே மாதிரித் தவறினால் சொல்பட்டியலை வைத்துப் பெரும்பகுதியை ஒட்டுமொத்தமாகத் திருத்திவிடலாம். அதே அளவு பிழை பக்கமெங்கும் சிதறிக் கிடந்தால் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். பழைய அச்சுக்கும் புதிய அச்சுக்கும் தனித்தனி விகிதம் எடுத்து, எந்த எழுத்து எதுவாக மாறியது என்ற பட்டியலையும் கூடவே தந்தால், கையில் இருக்கும் நூலுக்கு எந்த எழுத்துணரியை ஓட்டுவது என்று மெய்ப்புப் பார்ப்பவரே முடிவுசெய்துகொள்வார்.