நகரம் என்று யார் சொல்வது?

கேரளத்தில் 2001 கணக்கெடுப்பின்போது நூற்றுக்கு 26 பேர் நகரவாசிகள். 2011-இல் அது 48 ஆனது. கிராமத்தார் பலர் வீடு மாறவே இல்லை. அவர்கள் ஊர்தான் வேறு பட்டியலுக்குப் போனது.

மாநில அரசு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அறிவித்த ஊர் சட்டபூர்வ நகரம். மக்கள்தொகை குறைவாக இருந்தாலும் அறிவிப்பு போதும். சென்சஸ் டவுன் எனும் கணக்கெடுப்பு நகரத்துக்கு அப்படி எந்த அரசாணையும் கிடையாது. அங்கே இருப்பது கிராம ஊராட்சிதான். ஆனால் குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதத்தினர் விவசாயமல்லாத வேலையில் இருப்பது என மூன்றும் பொருந்தினால், கணக்கெடுப்புத் துறை அந்த ஊரை நகரக் கணக்கில் சேர்த்துவிடும். 2011-இல் கேரளத்தில் சட்டபூர்வ நகரங்கள் 59, கணக்கெடுப்பு நகரங்கள் 461. தோப்பும் வீடுமாக நெருங்கிக் கிடக்கும் அம்மாநிலக் கிராமங்களுக்கு முதல் இரண்டும் எளிது. ஊரின் தலைவிதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான்.

அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முதன்மைத் தொழிலாளர் என்றால் ஆண்டில் ஆறு மாதமாவது வேலை பார்த்தவர். பெண்களின் வேலை இந்த அளவுகோலில் வராது. ஊரின் நடவும் களையெடுப்பும் அவர்கள் கையில் இருந்தாலும் கணக்கில் ஏறாது.

ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். 12 சதுர கிலோமீட்டரில் 6,000 பேர். ஆண் முதன்மைத் தொழிலாளர் 1,600 பேரில் 1,100 பேர் கட்டட வேலை, கடை, வண்டி ஓட்டுதல் என்று போகிறார்கள்; 500 பேர் விவசாயம். விவசாயமல்லாதவர் 69 சதவீதம், எனவே கிராமம். மழை பொய்த்து, விவசாயக் கூலிகளில் 200 பேருக்கு ஆறு மாதம்கூட வேலை கிடைக்கவில்லை என்று வையுங்கள். அவர்கள் குறுகிய காலத் தொழிலாளர் ஆகி, கணக்கிலிருந்து விலகுவார்கள். 1,400-க்கு 1,100 என்றால் 79 சதவீதம். ஒருவருக்கும் புது வேலை கிடைக்காமலே ஊர் நகரமாகிவிடும்! நகரமயமாதலை வளர்ச்சி என்று மட்டும் படிப்பவர்களிடம் இதைத்தான் வலியுறுத்தத் தோன்றுகிறது.

ஊராட்சி நீடிப்பதால் ஊரகத் திட்டங்கள் அங்கே தொடரும். ஆனால் நெருக்கமான வீடுகளின் சாக்கடையையும் குப்பையையும் நகராட்சிக்குரிய ஆளும் பணமும் இல்லாமல் அந்த ஊராட்சியே சமாளிக்க வேண்டும். தரம் உயர்த்துவதையும் எல்லோரும் விரும்புவதில்லை. வரி கூடும், ஊரக நிதி நின்றுபோகும். தமிழ்நாட்டிலேயே 2004-இல் 561 பேரூராட்சிகள் சிறப்பு கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006-இல் மறுபடி பேரூராட்சிகளாயின. கேரளம் 2015-இல் 28 புதிய நகராட்சிகளை அமைத்தது.