தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்தில் வெந்துபோகும்: வாட்ச் பேட்டரியை குழந்தைகளிடம் இருந்து காப்பது எப்படி?

வாட்ச், கால்குலேட்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், எல்.இ.டி. லைட் ரிமோட், கார் சாவி, பேட்டரி அகல் விளக்கு, திருவிழா கடையில் விற்கும் மினுக்கு லைட் பொம்மை. இவை எல்லாவற்றிலும் காசு மாதிரி பளபளப்பாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. பட்டன் பேட்டரி என்றும் வாட்ச் பேட்டரி என்றும் இதைச் சொல்கிறார்கள். தவழும் குழந்தை முதல் 5 வயது வரை உள்ள சுட்டிகள் கையில் இது கிடைத்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

"காசு முழுங்கினா மறுநாள் வெளிக்கு போறப்ப வந்துடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது உண்டு. காசு விஷயத்தில் பல நேரம் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இந்த பேட்டரி விஷயத்தில் அப்படி காத்திருந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

உள்ளே நடப்பது என்ன?

பேட்டரி உடைந்து உள்ளே இருக்கும் மருந்து கசிவதால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். பேட்டரி உடையவே வேண்டாம். எச்சிலும், உணவுக்குழாயின் ஈரச் சதையும் கரண்ட் கடத்தும். பேட்டரி அங்கே சிக்கிய உடனே அதன் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கரண்ட் ஓட ஆரம்பித்துவிடும். ஷாக் அடிக்கிற அளவு கரண்ட் அல்ல. ஆனால் பிளஸ் குறி இல்லாத பக்கத்தில், சதையில் இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக காரமாக மாறும். சாக்கடை அடைப்புக்கு ஊற்றும் காஸ்டிக் சோடா எப்படி அரிக்குமோ, அதே போல சதையை அரித்து வேகவைக்கும்.

இது 15 நிமிடத்திலேயே தொடங்கிவிடும். 2 மணி நேரத்தில் கடுமையான புண் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் உணவுக்குழாயில் ஓட்டை விழலாம். பக்கத்திலேயே மூச்சுக்குழாயும், இதயத்தில் இருந்து வரும் பெரிய ரத்தக்குழாயும் இருப்பதால் அவையும் அரிபட வாய்ப்பு உண்டு.

அதிக ஆபத்தானது 'சி.ஆர். 2032' என்று அச்சிட்டிருக்கும் லித்தியம் பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம். இந்த அளவு சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். மேலும் இதில் 3 வோல்ட் இருக்கிறது. சாதாரண பேட்டரி கட்டையில் இருப்பது 1.5 வோல்ட்தான்.

தீர்ந்த பேட்டரியும் சுடும்

"அது தீர்ந்துபோன பேட்டரிதானே" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. ரிமோட் வேலை செய்யாமல் நின்றாலும் அந்த லித்தியம் பேட்டரியில் 2 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கலாம். சதையை சுடுவதற்கு 1.2 வோல்ட்டே போதும். அதனால் டி.வி. மேலேயோ ஜன்னல் ஓரத்திலோ போட்டு வைத்திருக்கும் பழைய பேட்டரியும் புதுசு மாதிரியே ஆபத்துதான்.

சளி என்று நினைத்து...

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2020-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. ஒன்றரை வயது பெண் குழந்தைக்கு திடீரென்று மூச்சு இரைத்தது. டாக்டரிடம் காட்டியபோது, குழந்தைகளுக்கு வரும் ஒருவகை தொண்டை வீக்கம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகுதான் வீட்டில் இருந்த ரிமோட்டில் பட்டன் பேட்டரி இல்லாததை பெற்றோர் பார்த்தனர். உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பேட்டரியை எடுத்தும் பலன் இல்லை. அதற்குள் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. பல வாரம் சிகிச்சை பெற்ற அந்த குழந்தை அதே ஆண்டு டிசம்பரில் இறந்தது.

அந்த குழந்தையின் பெயரிலேயே 2022-ல் 'ரீஸ் சட்டம்' அங்கே வந்தது. பட்டன் பேட்டரி போடும் பொருட்களின் மூடியை குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது அந்த சட்டம்.

குழந்தை முழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், வாந்தி, இருமல், மூச்சு இரைப்பு வரும். எல்லாமே சளிக்கும் வருவதுதான். சில குழந்தைக்கு முதலில் எந்த அறிகுறியும் இருக்காது. அதனால் வீட்டில் ஒரு பேட்டரி காணவில்லை என்றால், அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாக சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் காசு வெறும் வட்டமாகத் தெரியும். பேட்டரி என்றால் ஓரத்தில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரியும்.

முழுங்கிவிட்டால்...

சந்தேகம் வந்தாலே போதும், 108-ஐ கூப்பிடுங்கள். அல்லது எக்ஸ்ரேயும், குழாய் விட்டு எடுக்கும் எண்டோஸ்கோப்பி வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்து தள்ளப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

தேன் மட்டும் விதிவிலக்கு. அது புண் ஆழமாவதை கொஞ்சம் தாமதப்படுத்தும். குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், முழுங்கி 12 மணி நேரம் தாண்டியிருக்கக் கூடாது, குழந்தையால் விழுங்க முடிய வேண்டும். அப்படி இருந்தால் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி, அதாவது 2 டீஸ்பூன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். தேன் வாங்க கடையில் நிற்காதீர்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு தேன் கொடுக்கவே கூடாது.

பேட்டரியை எடுத்த பிறகும் அரிப்பு சில நாட்கள் உள்ளே தொடரலாம். வாரக்கணக்கில் கழித்துக்கூட ரத்தக்குழாய் உடையலாம். வாயில் கொஞ்சம் ரத்தம் வந்தாலும், மலம் கறுப்பாகப் போனாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

மூக்கிலோ காதிலோ குழந்தை பேட்டரியை திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான். அங்கேயும் ஓட்டை விழும்.

வீட்டில் வைப்பது எப்படி?

புது பேட்டரியை அட்டையில் இருந்து பிரிக்காமல், பூட்டுள்ள பீரோவிலோ எட்டாத உயரத்திலோ வையுங்கள். மாத்திரை டப்பாவோடு சேர்த்து வைக்க வேண்டாம். கண் மங்கிய தாத்தா, பாட்டி மாத்திரை என்று முழுங்கிவிட வாய்ப்பு உண்டு.

பேட்டரி மாற்றும்போது குழந்தை பக்கத்தில் இருக்கக் கூடாது. கழற்றியதை கீழே வைக்கும் முன்பே இரண்டு பக்கமும் மூடும்படி செல்லோ டேப் சுற்றிவிடுங்கள். டேப் சுற்றினால் கரண்ட் ஓடுவது குறையும், குழந்தை கண்ணுக்கும் காசு மாதிரி தெரியாது. அதற்காக குழந்தை கையில் கொடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. திருகு மூடி பாட்டிலில் போட்டு உயரத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள். குப்பைக்கூடையில் வீசினால் குழந்தை அங்கிருந்தும் எடுத்துவிடும்.

இன்றைக்கே வீட்டில் உள்ள பொருட்களை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா? இருந்தால் இறுக்குங்கள். ஸ்க்ரூ இல்லாமல் நகத்தால் தள்ளினாலே திறக்கும் ரிமோட், விளக்கு என்றால் குழந்தைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். திருவிழாவில் வாங்கிய லைட் பொம்மை உடைந்துவிட்டால், உள்ளே எத்தனை பேட்டரி இருந்ததோ அத்தனையும் கைக்கு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வீடு முழுக்க தேடுங்கள். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது.