அறை நீண்டால் கணக்கும் நீளட்டும்

வீடு கட்டுவதற்கான பொருள் கணக்கை எக்செல்லில் போடும்போது, அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் B1, B2, B3 கட்டங்களில் மட்டும் எழுதுங்கள். மற்ற வரிகள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டுக்கு இரண்டு அடி தரை டைல்ஸ், 5 சதவீதச் சேதாரத்துடன்:

```
=ROUNDUP(B1*B2*1.05/4,0)
```

12க்கு 10 அடி அறைக்கு 32 டைல்ஸ் வரும். நீளத்தை 14 ஆக்கினால் 37. சுவர்ப் பூச்சுக்கு, கதவு, ஜன்னல் பரப்பு 37 சதுர அடியைக் கழித்து:

```
=2*(B1+B2)*B3-37
```

10 அடி உயரத்தில் 403 சதுர அடி, 443 ஆகும்.

அவசரத்தில் யாராவது ஃபார்முலா மேலேயே எண்ணைத் தட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. அந்த வரி அப்படியே உறைந்துவிடும். ஆர்டர் கொடுக்கும் முன் நீளத்தை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அசையாத வரி உடனே கண்ணில் படும்.