ஐஸ் மெஷினுக்குள் வழவழப்பு

கார்பன் ஃபில்டர் தண்ணீரின் குளோரின் வாடையை எடுத்துவிடும், காபி ருசிக்கும். ஆனால் கிருமியைத் தடுத்துவந்ததும் அதே குளோரின்தான். அது போனபின் ஐஸ் மெஷினுக்குள் வழவழப்பாகப் படலம் படியும். குளிரில் கிருமி செத்துவிடும் என்பது வீண் நம்பிக்கை.

கடை மூடியதும் ஐஸ் விழும் வாயின் உள்விளிம்பை வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்போ கறுப்போ ஒட்டினால் உடனே கழுவ வேண்டும். ஒட்டாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். ஈஸ்ட் பறக்கும் பேக்கரி கஃபேயில் இன்னும் அடிக்கடி. முதலில் அமிலக் கரைசலால் உப்புக்கறையைக் கரைத்து, நன்றாக அலசி, அதன்பிறகே குளோரின் கிருமிநாசினி. இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும். கழுவியபின் விழும் முதல் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, ஃபில்டரைத் தாண்டிவரும் தண்ணீரில் குளோரின் சோதனைப் பட்டையை நனையுங்கள். நிறம் மாறினால் கார்பன் தீர்ந்துவிட்டது, கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.