சங்கத்தின் நோக்கம் ஒரே மூச்சில்

கூட்டுறவுச் சங்கம் தொடங்க முற்படுவோர் முதலில் உறுப்பினரைத் திரட்டுவர். அதன்பின் துணைவிதிகளை எழுதுவர். சங்கத்தின் நோக்கத்தை உரைக்கும் ஒரு வரியையும், அட்டையில் பொறிக்கும் முழக்கத்தையும் கடைசி நேரத்தில் அவசரமாக எழுதிச் சேர்ப்பதே வழக்கம். ஆனால் உறுப்பினர் மனத்தில் நிற்பவை அவ்விரண்டு மட்டுமே. துணைவிதிகளை லயத்தில் யாரும் ஒப்பிப்பதில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையோடு வீட்டையும் இழந்து தொழிலாளர் குடும்பங்கள் அல்லலுற்றன. இந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் சொன்ன செய்தியின் சாரம் மிக எளியது: பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தால், துண்டாடப்பட இருக்கும் தோட்டத்தை முழுத்தோட்டமாகவே வாங்கலாம். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகும். நோக்கம் பெரியதுதான். எனினும் ஒருவர் செய்ய வேண்டியது பத்து வெள்ளி அளவினதாக இருந்தது. பால்வெட்டுக்குப் போகும் வழியில் ஒருவர் மற்றவருக்கு எடுத்துச் சொல்லக் கூடியதாகவும் இருந்தது.

ஆசையையும் அடக்கத்தையும் ஒரே வரியில் வைப்பது எப்படி? இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்தார் 1844ஆம் ஆண்டில் இதற்கு வழி கண்டனர். இருபத்தெட்டுப் பேர் தலைக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்து, வெண்ணெய், சர்க்கரை, மாவு போன்ற சில பொருள்களே உள்ள சிறு கடை ஒன்றைத் திறந்தனர். அவர்களுடைய விதியின் முதல் இனம் கடை. அதன்பின் வீடுகள், உற்பத்தி, நிலம். அதற்கடுத்துத் தம்மைத் தாமே ஆளும் குடியிருப்பு. அக்குடியிருப்பைப் பற்றிய இடத்தில் "இயன்ற விரைவில்" என்னும் பொருள்பட ஒரு தொடரை வைத்தனர். குடியிருப்பு கடைசிவரை அமையவில்லை. ஆயினும் சொன்ன சொல் பொய்க்கவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் 120 பேர் சேர்ந்து சங்கம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். "உறுப்பினர் அனைவருக்கும் வீடும் நிலமும் வழங்கிச் சமூகப் பொருளாதார மேம்பாடு காண்போம்" என்று ஒருவர் எழுதித் தருகிறார். கேட்க இனிமைதான். கணக்கைப் பாருங்கள்: மாதம் பத்து வெள்ளி என்றால் மாதத்துக்கு 1,200, ஆண்டுக்கு 14,400 வெள்ளி. ஆயிரம் வெள்ளி கடன் என்றால், முதலாண்டு முடிவில் பதினான்கு பேருக்கே கொடுக்கலாம். வீடு எங்கே? இரண்டாம் ஆண்டுக் கூட்டத்தில் எழப்போகும் சச்சரவு அந்த வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இவ்வாறு மாற்றிப் பார்க்கலாம்: "மாதம் பத்து வெள்ளி சேர்ப்போம், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு முறைவைத்துக் கடன் கொடுப்போம், நிதி பெருகியபின் நிலம் வாங்குவோம்." முதல் இரண்டும் இந்த ஆண்டே செய்யக் கூடியவை. மூன்றாவது ஆசை, "பெருகியபின்" என்ற ஒரு சொல் அதற்கு வேலி. நிலம் வாங்குதல் பதிவு பெற்ற துணைவிதிகளின் நோக்கங்களுள் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அத்தொடரை விட்டுவிடுவதே நேர்மை.

வரி பிழையற்றதா என்று அறிய எளிய சோதனை உண்டு. தாளைக் காட்டாமல் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள் காலை, பிரட்டுக் களத்தில் மூவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "சமூகப் பொருளாதார மேம்பாடு" யார் வாயிலும் வராது. மூவரும் விட்டுவிட்ட சொல்லை நீங்களும் விட்டுவிடலாம். "பெருகியபின்" என்பதை மட்டும் விட்டுவிட்டு "நிலம் வாங்குவோம்" என்றார்களானால் கவனம் தேவை. மூன்றாம் தொடரை "நிதி பெருகட்டும், பிறகு நிலம்" என்று திருப்பிப்போட்டால் வேலி முன்னே வந்துவிடும்.

முழக்கத்தின் வேலை வேறு. அது வாக்குறுதி தரலாகாது. நடத்தையைச் சொன்னால் போதும். "சிறுகச் சேர்ப்போம், சேர்ந்து நிற்போம்" என்பதைச் சொல்லிப் பாருங்கள். சி, சே என மோனை அமைந்திருப்பதால் நாவில் தங்குகிறது. "சேர்" என்னும் சொல் பணத்துக்கும் ஆளுக்கும் பொருந்தி வருகிறது. (பள்ளியில் மோனை படித்தது வீண் என்பார்க்கு இது விடை.)

முழக்கத்தில் தொகையைச் சேர்க்காதீர்கள். பொதுக்கூட்டம் நாளை சந்தாவைப் பதினைந்து வெள்ளியாக்கலாம். அப்போது நோக்க வரியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். சேமிப்புப் புத்தகத்தின் அட்டை மாறாது.