பத்தொன்பது கிளிப், மூன்றே வசனம்

நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வரும் மகனுக்கு அம்மா கதவைத் திறக்கிறாள். "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லவில்லை. "தட்டு மூடி வெச்சிருக்கேன்" என்கிறாள். அவன் குனிந்து செருப்பைக் கழற்றுகிறான். "கைய கழுவிட்டு வா."

நான் எடிட் செய்த ஒரு குறும்படத்தின் காட்சி இது. அம்மாவின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் வைத்து எடுத்த அந்த ஒரு ஷாட்டுக்கு 19 கிளிப் வந்திருந்தது. அவற்றில் மூன்று கிளிப்புகளில் கேமராவை நிறுத்தாமலே மறுபடி மறுபடி நடிக்க வைத்திருந்தார்கள். அதையும் பிரித்து எண்ணினால் 24 டேக். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 விநாடி. அதே கதவு, அதே விளக்கு, அதே சேலை, அதே மூன்று வசனம். மொத்தமாக ஓட்டிப் பார்க்க 16 நிமிடம் போதும். ஆனால் ஓட்டி முடித்ததும் "எது நல்லா இருந்தது?" என்று யாராவது கேட்டால் பதில் வராது. பத்தாவது டேக் ஓடும்போதே மூன்றாவது மறந்திருக்கும். கடைசியாகப் பார்த்தது எதுவோ அதுவே சிறந்தது போலத் தோன்றும்.

ஃபிலிம் காலத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி படப்பிடிப்புத் தளத்திலேயே முடிந்துவிடும். இயக்குநருக்குப் பிடித்த டேக்கின் எண்ணை அறிக்கையில் வட்டமிட்டுக் காட்டுவார்கள். லேப் அந்த டேக்கை மட்டும் பிரிண்ட் போட்டு அனுப்பும். நம் ஊரில் ஓகே, என்.ஜி. என்று எழுதுவதும் அதே காரியம்தான். பிரிண்டுக்குக் காசு செலவாகும் என்பதால் வடிகட்டல் தானாக நடந்தது. அப்படியும் மலையளவு ஃபிலிம் சேர்ந்த படங்கள் உண்டு. 1979-இல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்குப் பன்னிரண்டரை லட்சம் அடி ஃபிலிம், அதாவது 230 மணி நேரத்துக்கும் மேல், இருந்ததாக அதன் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச் எழுதியிருக்கிறார். திரையில் ஓடிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் 95 நிமிடம் எடுத்திருந்தார்கள். இன்று மெமரி கார்டில் எடுப்பதால் எடுத்தது முழுக்க எடிட்டரின் மேசைக்கு வந்துவிடுகிறது. அறிக்கையில் ஓகே என்று இருக்கும் டேக்கை நான் மதிக்கிறேன், ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு மூட மாட்டேன். தளத்தில் ஓகே சொன்னவர் சின்ன மானிட்டரில், நூறு கவலைக்கு நடுவே பார்த்துச் சொன்னது அது.

முதல் சுற்றில் நான் நிறுத்தாமல், பின்னால் ஓட்டாமல், எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கிறேன். கையில் ஒரு தாள். ஒரு டேக்குக்கு மூன்று நான்கு வார்த்தைதான்: "4, கண் நல்லா இருக்கு." "9, அவசரம்." "14, கடைசி வசனத்துல தொண்டை அடைச்சுது." இந்தக் குறிப்பு ஏன் அவசியம் என்றால், ஒரு டேக் முதல் தடவை மட்டும்தான் நமக்குப் புதிது. படம் பார்க்கப் போகிறவருக்கும் அது முதல் தடவை. இருபது முறை பார்த்த பிறகு எனக்கு எது உறைக்கும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுத்தால், அவர் பார்க்கும் படம் வேறு, நான் பார்க்கும் படம் வேறு என்றாகிவிடும்.

அதே சுற்றில் ஒதுக்க வேண்டியவற்றையும் ஒதுக்குகிறேன். அந்த ஷாட்டில் முதல் வார்த்தையிலேயே தடுமாறி நின்றவை மூன்று. அம்மா ஒரு அடி முன்னால் வந்தபோது ஃபோகஸ் தவறியவை இரண்டு. பூம் மைக்கின் நுனி மேலே எட்டிப்பார்த்தது ஒன்று. ஆறு போக மீதி 18. இன்னொன்றில் முதல் வசனத்தின் மேல் தெருவில் போன பைக்கின் ஹாரன் விழுந்திருந்தது. அதை நான் ஒதுக்கவில்லை. கெட்டுப்போனது ஐந்து விநாடி. மீதி 35 விநாடிக்கு ஒரு குறையும் இல்லை.

புதிதாக எடிட் பழகுகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். முழுக் கிளிப்புக்கு ஒரு மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். மூன்று முறை நடித்த ஒரு கிளிப்புக்கு மூன்று நட்சத்திரம் என்றால் அது எந்த முறைக்கு? மென்பொருள்களே இந்த வித்தியாசத்தைக் காட்டுகின்றன. டாவின்சி ரிசால்வில் `G` தட்டினால் விழும் கொடி முழுக் கிளிப்புக்கானது. `M` தட்டினால் விழும் மார்க்கர் ஒரு குறிப்பிட்ட நொடிக்கானது. ஃபைனல் கட் ப்ரோவில் பிடித்த பகுதியை மட்டும் இழுத்துத் தேர்ந்து `F` தட்டினால் அதன் மேல் பச்சைக் கோடு வரும். வேண்டாத பகுதியைத் தேர்ந்து `Delete` தட்டினால் சிவப்புக் கோடு. அந்த `Delete` எதையும் அழிப்பதில்லை, நிராகரித்ததாகக் குறிக்கிறது, அவ்வளவே. நிராகரித்ததை மறைத்துவைத்துப் பார்க்கலாம், வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம். வட்டிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். இன்று என்.ஜி. ஆன டேக்கிலிருந்து நாளை ஒரு கண் சிமிட்டல் தேவைப்படும்.

நட்சத்திரம் போடுவதில் இன்னொரு சிக்கல். ஐந்து படி இருந்தால் பாதிக்கு மேல் மூன்றில் போய் உட்கார்ந்துவிடும். மூன்று என்றால் "முடிவு செய்யவில்லை" என்று பொருள். அதனால் நான் வைத்திருப்பது மூன்றே நிலை: வேண்டாம், பார்க்கலாம், இதுதான். "இதுதான்" என்பதை முதல் சுற்றில் யாருக்கும் கொடுப்பதில்லை.

அடுத்தது செலக்ட்ஸ் டைம்லைன். பெயர்தான் பெரிது, பொறுக்கியவற்றை மட்டும் வரிசையாக அடுக்கிய ஒரு தனி டைம்லைன், படத்தின் டைம்லைனோடு கலக்காதது. இதில் டேக் 1 முழுதாக, அடுத்து டேக் 2 முழுதாக என்று அடுக்கினால் பயன் குறைவு. ஒரு "சாப்பிட்டியா?"வுக்கும் அடுத்த "சாப்பிட்டியா?"வுக்கும் நடுவே 40 விநாடி போய்விடும்; காது அதற்குள் மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு டேக்கையும் வசனத்துக்கு வசனம் வெட்டினேன். 17 "சாப்பிட்டியா?" ஒன்றாக, 18 "தட்டு மூடி வெச்சிருக்கேன்" ஒன்றாக, 18 "கைய கழுவிட்டு வா" ஒன்றாக. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு விநாடி மூச்சு விட்டேன், ஏனென்றால் நடிப்பு பல நேரம் வசனத்தில் இல்லை, அதற்கு முந்தைய மௌனத்தில் இருக்கிறது.

பதினேழு "சாப்பிட்டியா?"வை அடுத்தடுத்துக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை ஒரே மாதிரி இருந்தவை அப்போது பிரிந்து நின்றன. பெரும்பாலானவற்றில் கதவு திறக்கும்போதே கேள்வி வந்துவிடுகிறது. மனப்பாடம் செய்ததைச் சொல்வது போல. சிலவற்றில் மட்டும் கண் முதலில் மகன் முகத்துக்குப் போகிறது, அங்கே எதையோ படிக்கிறது, பிறகுதான் உதடு திறக்கிறது. நடுவில் அரை விநாடி இருந்தால் அதிகம். நாற்பது விநாடி இடைவெளியில் பார்த்தபோது எனக்கு இது தெரியவே இல்லை.

பொறுக்கும் முறை எளிது. எல்லாம் முதலில் `V1` டிராக்கில் கிடக்கும். பிடித்ததை `V2`-க்கு ஏற்ற வேண்டும். பிரீமியர் ப்ரோவில், விண்டோஸ் என்றால், துண்டைத் தேர்ந்து `Alt` அழுத்தி மேல் அம்பைத் தட்டினால் ஒரு டிராக் ஏறும். அடுத்த ஓட்டத்தில் `V2`-இல் இருப்பவற்றை மட்டும் பார்த்து, அவற்றில் சிறந்ததை `V3`-க்கு ஏற்ற வேண்டும். உயரமே மதிப்பெண். முதல் வசனத்துக்கு `V2`-இல் ஐந்து நின்றன, `V3`-இல் இரண்டு. எதுவும் தொலைந்துபோகவில்லை, கீழே அப்படியே கிடக்கிறது. இந்த ஓட்டத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றக் கூடாது. `V3`-க்குப் போகும் துண்டைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஃபோகஸ் கண்ணில் இருக்கிறதா காது மடலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சின்ன சன்னலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இனிதான் இந்த முறையின் எல்லை வருகிறது. மூன்று வசனத்துக்கும் `V3`-இல் நின்ற சிறந்தவற்றை ஒட்டினேன்: 4-ஆவது டேக்கின் கேள்வி, 11-ஆவதின் தட்டு, 14-ஆவதின் கை கழுவல். ஓட்டிப் பார்த்தால் மூன்று வெவ்வேறு அம்மாக்கள். ஒருத்தி பயந்திருக்கிறாள், ஒருத்தி கோபத்தை அடக்குகிறாள், ஒருத்திக்கு அழுகை வருகிறது. ஒவ்வொன்றும் தனியாக அருமை, சேர்த்தால் ஒரு மனுஷி இல்லை. துண்டு துண்டாகப் பொறுக்கினால் இந்தப் பள்ளத்தில் விழாமல் போவது கடினம். தன் போக்கில் முழுதாக நிற்கும் ஒரு டேக்கை முதுகெலும்பாக வைத்து, அது எங்கே தளர்கிறதோ அங்கே மட்டும் மற்றவற்றைச் சேர்க்க வேண்டும்.

முதுகெலும்பாக நான் எடுத்தது 14. தொண்டை அடைத்த அந்தக் கடைசி வசனத்துக்கு அதன் முந்தைய மௌனமெல்லாம் வழி போட்டுக்கொண்டே வந்தது. அதில் தளர்ந்தது நடு வசனம். "தட்டு" என்ற சொல் பாதி விழுங்கப்பட்டிருந்தது. 11-இன் கோபம் இங்கே ஒட்டாது. `V2`-இல் இருந்த 6-ஆவது டேக்கில் அந்த வசனம் அடங்கிய குரலில், தெளிவாக இருந்தது. ஆனால் 6-இல் அம்மாவின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது, 14-இல் முந்தானையில். படத்தை வெட்டி ஒட்டினால் கை தாவும். அதனால் 6-இலிருந்து குரலை மட்டும் எடுத்தேன். அந்த நேரத்தில் திரையில் மகன் குனிந்து செருப்பைக் கழற்றுகிறான். அம்மாவின் குரல் அவன் முதுகின் மேல் விழுகிறது. குரல் முடிந்ததும் திரும்ப 14-இன் முகம். உதடு தெரியாத இடத்தில் இரண்டு டேக் ஒன்றானது யாருக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து இயக்குநர் வந்தார். பின்னணி இசை சேர்ந்த பிறகு கடைசி வசனம் கொஞ்சம் அதிகமாக அழுவது போல இருக்கிறது என்றார். "இதைவிட அடக்கமா ஏதாவது இருக்கா சார்?" செலக்ட்ஸ் டைம்லைனைத் திறந்து மூன்றாவது வசனத்தின் கட்டுக்குப் போனேன். `V2`-இல் நான்கு நின்றன. ஒரு தடவை ஓட்டினோம், பதினைந்து விநாடி. மூன்றாவதாக வந்ததில் அவர் கை தூக்கினார். அது 6-ஆவது டேக். கை தாழ்ப்பாளிலிருந்து இறங்கி முந்தானைக்கு வந்திருந்தது.