எஃப்.ஐ.ஆர். வடிப்பான்: வாய்மொழித் தேர்வுக்கான மாதிரி வினாக்களும் விடைகளும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இங்கு அமைந்துள்ளது. அதன் ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், 1,024 யாகி வானலைவாங்கிகளைக் கொண்டு, மேலுள்ள காற்றின் வேகத்தை அளக்கிறது. பொறியியல் மாணவர் ஆய்வகத்தில் அமைத்துச் சோதிக்கும் எஃப்.ஐ.ஆர். வடிப்பானின் மிக எளிய வடிவம் இத்தகைய ரேடாரிலும் பணியாற்றுகிறது. ஆய்வகச் சோதனையை முதலிலும் ரேடாரைப் பின்னரும் வைத்து, தேர்வாளர் கேட்கக்கூடிய சில வினாக்களை ஈண்டுக் காண்போம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட வடிப்பான் இது: நொடிக்கு 8,000 மாதிரிகள், வெட்டு அதிர்வெண் 1,000 ஹெர்ட்ஸ், ஹாமிங் சாளரம், 33 குணகங்கள். ஆக்டேவ் மொழியில் அதனை இவ்வாறு அமைக்கலாம்:

```
pkg load signal
b = fir1(32, 1000/4000);
freqz(b, 1, 512, 8000)
```

வினா 1: குணகங்கள் 33 என்றீர்; கட்டளையில் 32 என்று எழுதியது ஏன்?

விடை: கட்டளை கேட்பது வடிப்பானின் படியை. படி என்பது எத்தனை பழைய மாதிரிகளை நினைவில் வைக்கவேண்டும் என்பதைக் குறிக்கும். நிகழ்கால மாதிரி ஒன்று, பழையவை 32, ஆக 33 குணகங்கள். 1,000 ஐ 4,000 ஆல் வகுத்ததற்கும் காரணம் உண்டு. மாதிரி வேகத்தின் பாதியை ஒன்று எனக் கொண்டே இக்கட்டளை அதிர்வெண்ணை அளக்கிறது. 8,000 ஆல் வகுத்துவிட்டால், வெட்டு அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். வரைபடம் அப்போதும் அழகாகவே தோன்றுமாதலால், அச்சிலுள்ள எண்களைப் படிக்காதவருக்கு இப்பிழை புலப்படாது.

வினா 2: குணகங்கள் பலகையில் சரியாக ஏறியுள்ளன என்பதை எவ்வாறு அறிவீர்?

விடை: உள்ளீட்டில் ஒரே ஒரு மாதிரியை 1 ஆகவும், ஏனைய யாவற்றையும் சுழியாகவும் அளிக்கவேண்டும். வெளியீட்டில் 33 குணகங்களும் வரிசையாக வந்து, பின்னர் சுழியே நிலைக்கும். இவ்வாறு எதிர்வினை முடிவுபெறுவதனாலேயே இதற்கு முடிவுறு துடிப்பு எதிர்வினை வடிப்பான் என்று பெயர். வந்த எண்கள் நடுவிலுள்ள பதினேழாம் எண்ணை ஒட்டி இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகை 1 ஆதல் வேண்டும். சமச்சீர் கெட்டிருந்தால் குணகம் ஒன்று தவறாக ஏறியுள்ளது எனலாம். சமச்சீர் இருக்கும் வரை எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவாக, 16 மாதிரிகள், அதாவது 2 மில்லிநொடி தாமதிக்கும். அலையின் வடிவம் அதனால் சிதையாது.

வினா 3: 1,000 ஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தியபோது வெளியீடு பாதியாகக் குறைந்தது. மூன்று டெசிபெல் குறைவையன்றோ எதிர்பார்த்திருப்பீர்?

விடை: மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட எளிய வடிப்பானில் வெட்டு அதிர்வெண் என்பது மூன்று டெசிபெல் குறைவிடமே. சாளர முறையில் அவ்வாறன்று. இங்கு 1,000 ஹெர்ட்ஸில் செங்குத்தாக விழும் ஓர் இலட்சிய வளைவினை எடுத்துக்கொண்டு, சாளரத்தால் அதனைச் சாய்வாக்குகிறோம். சாய்வின் நடுப்புள்ளி அரை மதிப்பில் அமைகிறது. அது ஆறு டெசிபெல் குறைவு. ஹாமிங் சாளரத்தில் சாய்வின் அகலம் 3.3 × 8000 / 33, அதாவது 800 ஹெர்ட்ஸ். ஆதலால் ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸ் வரை அலை குறையாது கடக்கும்; 1,400 ஹெர்ட்ஸுக்கு மேல் தடுக்கப்படும். அகலத்தைப் பாதியாக்க வேண்டின் குணகங்களை இருமடங்காக்கவேண்டும், தாமதமும் இருமடங்காகும்.

வினா 4: 7,500 ஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தினால் என்னாகும்?

விடை: தடுக்கப்படும் என்று விடையளிப்போர் பலர். உண்மையில், மாற்றிக்கு முன்னால் தொடர்முறை வடிப்பான் ஒன்று இல்லையெனில், மாதிரி எடுக்கும்போதே அது 500 ஹெர்ட்ஸ் அலையாக உருமாறி, வடிப்பானில் குறையாது கடந்துவிடும். எண்களாக வந்தபின் இரண்டையும் பிரித்தறிய எந்த எஃப்.ஐ.ஆர். வடிப்பானாலும் இயலாது. இதனைக் கண்டறிய, செலுத்தும் அதிர்வெண்ணைச் சிறிது உயர்த்துக. வெளியீட்டு அதிர்வெண் தாழ்ந்தால், அது உருமாறி வந்த அலையே. சில பலகைகளின் மாற்றியிலேயே தடுப்பு அமைந்திருப்பதால், அவற்றில் இது நிகழாது.

வினா 5: காதங்கி ரேடார் போன்றவற்றில் எஃப்.ஐ.ஆர். வடிப்பான் எங்கே உள்ளது?

விடை: ரேடார் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, ஒரே உயரத்திலிருந்து வரும் எதிரொலிகளைக் கூட்டிச் சேர்க்கிறது. மெலிந்த எதிரொலி இரைச்சலினின்று வேறுபட்டுத் தோன்ற இது உதவுகிறது. இக்கூட்டல், எல்லாக் குணகங்களும் சமமாக உள்ள எஃப்.ஐ.ஆர். வடிப்பானேயன்றி வேறன்று. துடிப்புகளின் இடைவெளி 1 மில்லிநொடி என்றும், 64 எதிரொலிகள் சேர்க்கப்படுகின்றன என்றும் கணக்கிற்காகக் கொள்வோம். ஒவ்வொரு கூட்டுத்தொகையும் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும். ஆகவே புதிய மாதிரி வேகம் நொடிக்கு 15.625. இவ்வடிப்பான் 15.625 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் மட்டுமே முற்றிலும் தடுக்கும்.

வினா 6: அவ்வாறாயின், 50 ஹெர்ட்ஸ் மின்னோட்ட இரைச்சல் ஏற்பியினுள் புகுந்தால் என்ன நேரும்?

விடை: 50 என்பது 15.625 இன் மடங்கன்று. கணக்கிட்டால் இரைச்சல் ஏறத்தாழ 25 டெசிபெல் மட்டுமே குறையும். எஞ்சியது 50 − 46.875, அதாவது 3.125 ஹெர்ட்ஸில் உருமாறித் தோன்றும். 53 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 5.66 மீட்டர். டாப்ளர் அதிர்வெண்ணை அலைநீளத்தின் பாதியால் பெருக்க வேகம் கிடைக்கும், 3.125 × 2.83, ஏறக்குறைய நொடிக்கு 8.8 மீட்டர். இல்லாத காற்று ஒன்று நம்பத்தக்க வேகத்துடன் பதிவாகும் என்பது பொருள். எல்லா உயரங்களிலும் ஒரே வேகம் தோன்றுவதே அதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். மெய்யான காற்று உயரத்திற்கு உயரம் மாறுபடும்.

வினா 7: நிவாரணம் யாது?

விடை: 64 க்குப் பதிலாக 40 எதிரொலிகளைச் சேர்த்தால், தடைப்புள்ளிகள் 25 ஹெர்ட்ஸின் மடங்குகளில் அமையும், 50 ஹெர்ட்ஸ் அவற்றுள் ஒன்று. மின் வழங்கலின் அதிர்வெண் 49.9 ஆகத் தாழ்ந்தாலும் குறைவு 54 டெசிபெல் அளவில் நிற்கும். எனினும் ஒவ்வொரு தொகுப்பிலும் சேரும் எதிரொலிகள் குறைவதால், அடுத்து வரும் அலைமாலைப் பகுப்பிற்குக் கூடுதல் புள்ளிகள் தேவைப்படும்.

இவ்வேழு வினாக்களில் இறுதி மூன்றற்கும் கட்டளை எதுவும் தேவைப்படவில்லை. காகிதமும் பென்சிலுமே போதும். மாதிரி வேகம் எவ்விடத்தில் மாறுகிறது, அங்கே எவ்வதிர்வெண் எதுவாக உருமாறும் என்னும் கணக்கினைத் தாமே போட்டுப் பார்த்த மாணவர், தேர்வாளர் எண்களை மாற்றிக் கேட்பினும் விடையளிப்பார்.